கட்டத்தை மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது

கட்டம் கட்டமாக வந்த தமிழ்ச் செய்தியை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். அதற்குள் தமிழ் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது. அழிந்துபோன தமிழ் வேறு வடிவில் வரும். பிறையிலோ பட்டர்வொர்த்திலோ ஒருவருடைய கைப்பேசிக்கு வரும் குளறுபடியை உற்றுப் பார்த்தால், கோளாறு எங்கே நடந்தது, யார் சரிசெய்ய வேண்டும், செய்தி மீளுமா என்று சொல்லிவிடலாம். இந்த வேறுபாடு தெரியாததால்தான், அனுப்பியவரின் தவறுக்குப் பெறுபவர் தன் கைப்பேசியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

முதலில் கட்டம். கணினிக்குள் தமிழ் எழுத்து எண்ணாகத்தான் இருக்கிறது. ஒருங்குறியில் ‘ப’ என்றால் 0BAA, ‘ற’ என்றால் 0BB1. அந்த எண்ணுக்குரிய உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எண் சரியாக வந்து, அதற்கான உருவம் கருவியில் இல்லாவிட்டால், திரை ஒரு வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு சேர்க்கப்படும் முன்பு பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் இதுதான் நிலை. பழைய கைப்பேசிகளிலும் அப்படியே. இன்று புதிய கைப்பேசிகளில் இது அரிது. ரசீது அச்சடிக்கும் சிறு கருவி, அறிவிப்புத் திரை, எழுத்துருவை உள்ளே சேர்க்காமல் அனுப்பிய பிடிஎஃப் போன்ற இடங்களில்தான் கட்டங்கள் இன்னும் தலைகாட்டுகின்றன. சோதித்துப் பார்ப்பது எளிது. கட்டங்களை நகலெடுத்து, தமிழ் தெரியும் இன்னொரு கருவியில் ஒட்டுங்கள். தமிழாக விரிந்தால் குறை எழுத்துருவில்தான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி கட்டத்துக்குள்ளேயே எண்ணைப் பொடியாக எழுதிக் காட்டும். அது 0B8 முதல் 0BF வரையில் எதிலாவது தொடங்கினால் உள்ளே இருப்பது தமிழ்.

இரண்டாவது வடிவம் பார்க்கப் பயங்கரமானது, ஆனால் அதுவும் பெரும்பாலும் மீளக்கூடியதே. ‘பிறை’ என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஒருங்குறிக்கு நான்கு: ப, இகரக் குறி, ற, ஐகாரக் குறி. இணையத்தில் அனுப்ப யூடிஎஃப்-8 என்ற முறையில் கட்டும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகிறது. ஆக மொத்தம் பன்னிரண்டு பைட்.

```
E0 AE AA  E0 AE BF  E0 AE B1  E0 AF 88
```

பெறும் நிரலுக்கு இது யூடிஎஃப்-8 என்று யாரும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 பட்டியலை வைத்துப் பைட்டுக்கு ஓர் எழுத்தாக அது படிக்கும். E0 என்பது à, AE என்பது ®. திரையில் வருவது இது:

```
à®ªà®¿à®±à¯ˆ
```

தமிழின் எல்லா எழுத்துகளும் E0 AE அல்லது E0 AF என்றே தொடங்குவதால், à® அல்லது à¯ மாறி மாறி வந்தால் அது தமிழ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அலுவலகங்களில் இது அதிகம் பிறக்கும் இடம் எக்செல். உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி இரட்டைச் சொடுக்கில் திறப்பார்கள், கோப்பின் தலையில் அடையாளக் குறி இல்லாததால் எக்செல் பழைய பட்டியலை வைத்துப் படித்துவிடும். கோப்பை அப்படித் திறக்காமல், தரவு இறக்கும் வழியாகப் போய் `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தால் தமிழ் வந்துவிடும். ஏற்கெனவே à® என்று உருமாறிவிட்ட வரியையும், பைத்தான் தெரிந்தவர் ஒரே வரியில் திருப்பலாம்:

```
"à®ªà®¿à®±à¯ˆ".encode("cp1252").decode("utf-8")
```

‘பிறை’ பத்திரமாகத் திரும்பி வரும். ஆனால் ‘பினாங்கு’ வராது. மலேசிய நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவுகள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ்-1252 பட்டியலில் 256 இடங்களில் ஐந்து காலியாக விடப்பட்டவை: 81, 8D, 8F, 90, 9D. தமிழுக்கு நேர்ந்த கெடுபேறு, இந்த ஐந்தில் நான்கு தமிழ் எழுத்துகளின் மூன்றாவது பைட்டாக வருகின்றன. உகரக் குறியின் கடைசி பைட் 81. புள்ளியின் கடைசி பைட் 8D. ‘ஏ’ 8Fஇலும் ‘ஐ’ 90இலும் முடிகின்றன. தவறாகப் படிக்கப்பட்ட செய்தி ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குக் கைமாறும்போது, பட்டியலில் இடமில்லாத இந்த பைட்டுகளை ஏதாவது ஒரு நிரல் குப்பை என்று களைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு திறமையாகத் திருப்பினாலும் கிடைப்பது ‘பினாங�க�’ என்பதுதான். ‘ங்’ மேலிருந்த புள்ளியும் ‘கு’வின் உகரமும் போய்விட்டன. புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியம் ஒன்றை எழுதிப் பாருங்கள், எவ்வளவு போகிறது என்பது விளங்கும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும் அந்த � எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே, செய்தி வழியில் விண்டோஸ்-1252 பட்டியலுக்குள் புகுந்து வந்தது என்று ஊகித்துவிடலாம். புள்ளி எழுத்துகளிலும் உகர எழுத்துகளிலும் மட்டும் அது வந்தால் காரணம் இதுவே. மனிதர் உட்கார்ந்து ஊகித்துத் திருத்தினால்தான் அந்தச் செய்தி மீளும்.

மூன்றாவது, வெறும் கேள்விக்குறி. இதைத்தான் நான் மன்னிக்க முடியாத தவறு என்பேன். ஒரு கிளை அலுவலகம் வாடிக்கையாளர்களுக்குக் குறுந்தகவல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்: ‘பிறை கிளை நாளை மூடப்பட்டிருக்கும்’. கைக்கு வருவது இப்படி:

```
???? ???? ???? ??????????????????
```

இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. நாள், நேரம், தொலைபேசி எண் எழுதியிருந்தால் அவையும் இருந்திருக்கும். தமிழ் மட்டும் இல்லை. ‘பிறை’க்கு நான்கு கேள்விக்குறி, ‘மூடப்பட்டிருக்கும்’ என்பதற்குப் பதினெட்டு. ஓர் ஒருங்குறி எண்ணுக்கு ஒன்று என்ற கணக்கு பிசகாமல் இருப்பதைக் கவனியுங்கள். அனுப்பும் இடம்வரை தமிழ் சரியாக வந்திருக்கிறது. தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஒரு பட்டியலுக்கு அதை மாற்றச் சொன்னபோது, நிரல் எழுத்துக்கு எழுத்து எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் 3F என்ற எண்ணை வைத்திருக்கிறது. ‘ப’வும் 3F, ‘ற’வும் 3F, புள்ளியும் 3F. எதிலிருந்து வந்தது என்ற சுவடே இல்லை. பெறுபவர் புதுக் கைப்பேசி வாங்கினாலும், எழுத்துரு நிறுவினாலும், பயன் கிடையாது.

குறுந்தகவலில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்குப் பணமும் ஒரு காரணம். ஒரு குறுந்தகவலின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலமோ மலாயோ எழுதினால், எழுத்துக்கு ஏழு பிட் என்ற சிக்கனக் கணக்கில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் எழுதினால் எழுத்துக்குப் பதினாறு பிட், எனவே 70தான் கொள்ளும். மேலே சொன்ன நான்கு சொல் அறிவிப்பே 33 இடத்தை எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் நீண்டால் இரண்டு, மூன்று தகவலாக உடைந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மொத்தமாக அனுப்பும் பல சேவைகளில் இந்தப் பதினாறு பிட் முறையை அனுப்புபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கன முறையிலேயே விட்டுவைத்தால் மலாய் வாக்கியம் ஒழுங்காகப் போகும், தமிழ் வாக்கியம் கேள்விக்குறியாகும். சோதனை பார்த்தவர் மலாய் செய்தியை மட்டும் பார்த்திருந்தால் அவருக்குத் தவறே தெரியாது.

தரவுத்தளத்திலும் இதே கதை. மைகார்டில் நம் பெயர்கள் ரூமி எழுத்தில்தான் இருக்கின்றன. ஆகவே வாடிக்கையாளர் பெயருக்கான கட்டத்தில் தமிழ் வரும் என்று எண்ணிப் பார்க்காமலே பல அமைப்புகள் கட்டப்பட்டுவிடுகின்றன. பின்னாளில் தமிழ் அறிவிப்புகளையும் அதே அமைப்புக்குள் திணிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் பத்தி NVARCHAR ஆக இருந்தும், ஓர் N விடுபட்டதால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படுவது வழக்கமாக நடக்கும் பிழை:

```
INSERT INTO notis (teks) VALUES ('பிறை');   -- ????
INSERT INTO notis (teks) VALUES (N'பிறை');  -- பிறை
```

முதல் வரி பிழைச்செய்தி எதுவும் தராது. சேமிக்கப்பட்டது என்றே சொல்லும். அன்று இரவு காப்புப்படி எடுத்தால் அதிலும் கேள்விக்குறிதான் ஏறும். மாதக்கணக்கில் யாரும் பார்க்காவிட்டால் மூலத்தைத் திரும்ப எழுதுவதைத் தவிர வழியில்லை.

நான்காவது வடிவத்தில் குற்றவாளி யாரும் இல்லை, காலம்தான். பழைய கோப்பு ஒன்றைத் திறந்தால் ‘பிறை’ இருக்க வேண்டிய இடத்தில் `gpiw` என்றும், ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்றும் இருக்கும். அது பாமினி எழுத்துருவில் தட்டியது. அங்கே ஆங்கில g எழுத்துக்குத் தமிழ் ‘ப’ உருவம் வரையப்பட்டிருந்தது, அரைப்புள்ளிக்குப் புள்ளியின் உருவம். ஐகாரக் குறியைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ‘ற’வுக்கு முன்பே தட்டினார்கள், i முந்தி w பிந்தி நிற்பது அதனால்தான். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். எந்த இடத்திலும் கட்டமோ கேள்விக்குறியோ வராமல், மின்னஞ்சலிலும் புலனத்திலும் அப்பழுக்கில்லாமல் பயணம் செய்து, கடைசியில் யாராலும் படிக்க முடியாமல் நிற்கும்.

மலேசியாவில் இந்தச் சிக்கலின் வரலாறு நீளமானது, பெருமைக்குரியதும்கூட. முத்து நெடுமாறன் இங்கிருந்துதான் முரசு அஞ்சலை உருவாக்கி, கணினியில் தமிழ் எழுத ஒரு தலைமுறைக்கு வழிவிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையடுத்து தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் இயங்கிய தமிழர்களிடையே டிஸ்கி பரவியிருந்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், அதைக் காட்டும் கருவிகள் பரவலாக வரப் பத்தாண்டுக்கு மேலானது. இடைப்பட்ட காலத்தில் தட்டிய பள்ளி வினாத்தாள்கள், ஆலய ஆண்டறிக்கைகள், சங்கக் கூட்டக் குறிப்புகள் இன்றும் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளால் ஒருங்குறிக்குக் கொண்டுவர முடியும், எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால். கோப்பைத் திறந்ததும் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்குள் வெட்டி ஒட்டியவுடன் அந்தப் பெயர் போய்விடும், அப்புறம் ஊகம்தான். ஆங்கிலச் சொற்கள் கலந்த கோப்பென்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உருக்குலைத்துவிடும், ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும்.

தமிழில் அறிவிப்பு அனுப்பும் எந்த நிறுவனத்திடமும் நாம் கேட்க வேண்டியது சிறிய வேலைதான். அனுப்பும் அமைப்பை முடுக்கும் முன் ‘ஐயா, ஏன் பினாங்கு?’ என்ற மூன்று சொல்லை உள்ளே போட்டு, மறுமுனையில் ஒரு கைப்பேசியில் வாங்கிப் பார்க்கட்டும். தொலைந்துபோகக்கூடிய ஐ, ஏ, புள்ளி, உகரம் நான்கும் அதில் இருக்கின்றன. நிறுவனத்திடம் புகார் செய்கிறவர்களும் ‘தமிழ் சரியாகத் தெரியவில்லை’ என்று மட்டும் சொன்னால், கைப்பேசியை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். வந்த செய்தியைப் படமெடுத்து இணைத்து, ‘இதில் இருப்பது கட்டம் இல்லை, கேள்விக்குறி. எண்களும் இடைவெளிகளும் சரியாக வந்திருக்கின்றன. அனுப்பும் பக்கத்தில் குறியேற்றத்தைப் பாருங்கள்’ என்று எழுதுங்கள்.