"நோன்பு இருக்கீங்களா?" – கேட்க பத்து செகண்ட் போதும்

1/ போன ரம்ஜான்ல ஒரு மதியம், 58 வயசு அம்மா ஒருத்தரை கேஷுவால்டிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. வியர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. சுகர் 46. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினதும் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "நோன்பு முறிஞ்சிடுச்சா டாக்டர்?"

2/ பக்கத்துல நின்ன ஊழியர், "சுகரை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?"ன்னார். எனக்குக் கோபம் அந்தம்மா மேல இல்லை, எங்க மேல. நோன்புக்கு ரெண்டு வாரம் முன்னாடி எங்க ஓபி-க்குத்தான் வந்திருக்காங்க. யாரும் கேட்கலை. "சொன்னா திட்டுவீங்க"ன்னு அவங்களும் சொல்லலை.

3/ சீட்டுல காலையில கிளிமிபிரைடு. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. சஹரோட போட்டுட்டு 13 மணி நேரம் பட்டினி. செய்ய வேண்டியிருந்தது ஒண்ணுதான்: அந்த மாத்திரையை நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாத்தி, தேவைன்னா டோஸைக் குறைக்கணும். செய்யாததால ஒரு நாள் அட்மிஷன். ஏன்னா இந்த மாத்திரையால இறங்கின சுகர், ஏத்தின பிறகும் திரும்ப இறங்கலாம்.

4/ "மத விஷயத்துல நாம தலையிடலாமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: இது மருந்து நேர விஷயம். அதனால ஊழியர்களுக்கு நான் எழுதின ஒரு பக்க கையேட்டின் முதல் வரி: "நோன்பு, விரதம் இருப்பீங்களா?" ஏகாதசி, சஷ்டிக்கும் இதே கேள்விதான். சுகர் 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேல ஏறினாலோ உடனே முறிக்கணும். டைப் 1, டயாலிசிஸ், இன்சுலின் போடுற கர்ப்பிணிகள் இருக்கவே வேண்டாம்னு தெளிவா சொல்லணும். நோயாளிக்கு மார்க்கத்துல சலுகை உண்டு. அதை அவங்க ஹஜ்ரத்கிட்டயும் கேட்டுக்கச் சொல்லுங்க.

5/ ரெண்டாவது வரி: கூச்சம். இசிஜி-யில வி1, வி2 ரெண்டும் நெஞ்செலும்புக்கு இரு பக்கமும் நாலாவது விலா இடைவெளியில ஒட்டணும். கூட்டத்துக்கு நடுவுல உடையை விலக்கத் தயங்கினா, டெக்னீஷியன் மேலேயே ஒட்டிடுவார். அப்போ இல்லாத மாரடைப்பு இருக்கிற மாதிரி பேப்பர்ல தெரியலாம். தீர்வு: ஒரு திரை, ஒரு போர்வை, முடிஞ்சா பெண் ஊழியர். தலைத்துணியை எடுக்கவே வேண்டாம். எங்கே தொடப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

6/ பயிற்சி 30 நிமிஷம்தான். பத்து நிமிஷம்: திட்டாம எப்படிக் கேட்கிறது, ஜோடியா பேசிப் பார்க்கணும். பத்து நிமிஷம்: எந்த மாத்திரை சுகரை இறக்கும், எது தனியா கொடுத்தா பெரும்பாலும் இறக்காது (மெட்ஃபார்மின்). பத்து நிமிஷம்: போர்வைக்குள்ளேயே விலா எண்ணி லீட் ஒட்டிப் பார்க்கணும்.

7/ "ஜிஎச்-ல இதுக்கெல்லாம் ஏது நேரம்?"னு கேட்கிறாங்க. பத்து செகண்ட் மிச்சம் பிடிச்சோம், ஒரு நாள் பெட் போச்சு. கணக்கு நீங்களே போடுங்க.

8/ நீங்க நோயாளியா வந்தா, நாங்க கேட்கலைன்னாலும் சொல்லுங்க. நோன்புக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்க. யாராவது திட்டினா, டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க.