கெப்பாசிட்டர் குற்றவாளி அன்று

கற்பித்தல் உதவியாளனாக இப்பருவத்தில் நான் புரட்டிய ஆய்வகப் பதிவேடுகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. சோதனை எளியது. வினாடிக்கு 8000 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒரு டி.ஏ.சி.க்கு எண்களை அனுப்பி, 1 வோல்ட் வீச்சுள்ள 3 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை மீட்டெடுக்க வேண்டும். ஏறத்தாழ எல்லோரும் வெளியீட்டு வீச்சு 1 வோல்ட் என்றே எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் 0.78 வோல்ட் என்று எழுதியிருந்தார். அவருக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது. “வடிகட்டியின் கெப்பாசிட்டரை மாற்றி மீண்டும் அளக்கவும்” என்று ஓரத்தில் ஒரு சிவப்புக் குறிப்பும் இருந்தது.

அவர் அளந்ததே சரி. அந்த மேசையில் 1 வோல்ட் வருவதற்கு வழியே இல்லை. மற்றவர்கள் அளந்ததை எழுதவில்லை, எதிர்பார்க்கப்பட்டதை எழுதினார்கள். அப்படி எழுத அவர்களைப் பழக்கியவர்கள் நாம் என்பதே என் குற்றச்சாட்டு.

வகுப்பில் என்ன நடக்கிறது? கரும்பலகையில் சிங்க் சார்பை வரைகிறோம். ஒவ்வொரு மாதிரியையும் அதற்குரிய சிங்க் அலையால் பெருக்கிக் கூட்டினால் மூலச் சமிக்ஞை அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று நிறுவுகிறோம். ஷானனின் 1949ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டிக் காட்டிவிட்டு, மீட்டெடுப்பு முடிந்தது என்று பலகையைத் துடைக்கிறோம். தேற்றத்தில் பிழையில்லை. ஆனால் சிங்க் சார்பு இருபுறமும் முடிவின்றி நீள்வது. அது தேய்வதும் 1/t என்ற மந்தமான வேகத்தில்தான். இந்தக் கணத்தின் வெளியீட்டைச் சொல்ல, இனி வரவிருக்கும் மாதிரிகள் அனைத்தும் இப்போதே கையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சுற்று எந்த மேசையிலும் இல்லை. கணிதம் தரும் அளவுகோலைக் கருவி என்று மாணவர் நம்பும்படி விட்டுவிடுகிறோம்.

மேசையில் உள்ள டி.ஏ.சி. செய்வது வேறு. ஒரு மாதிரி வந்தால், அடுத்தது வரும்வரை அதே மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பாடத்தில் ஜீரோ ஆர்டர் ஹோல்டு எனப்படும் படிக்கட்டு அலை இதுதான். ஒரு மாதிரியை T நேரம் பிடித்து வைப்பதும், மாதிரித் துடிப்புகளை T அகலமுள்ள சாளரத்தில் சராசரி எடுப்பதும் கணக்கில் ஒன்றே. சராசரி எடுத்தால் வேகமான மாற்றங்கள் மழுங்கும். எவ்வளவு மழுங்கும் என்பதற்குத் துல்லியமான விடை உண்டு:

`sin(πf/fs) / (πf/fs)`

ஆக, இலட்சிய இடைக்கணிப்பில் சிங்க் காலத்தில் இருக்கிறது, செவ்வகம் அதிர்வெண்ணில் இருக்கிறது. படிக்கட்டில் செவ்வகம் காலத்துக்கு வந்துவிடுகிறது, சிங்க் அதிர்வெண்ணுக்குப் போய்விடுகிறது. நிறமாலைச் சரிவு என்பது இந்த இடமாற்றத்தின் விளைவே. நைக்விஸ்ட் எல்லையான 4 கிலோஹெர்ட்ஸில் அது 2/π, அதாவது 3.92 டெசிபல் இழப்பு. நம் 3 கிலோஹெர்ட்ஸில் f/fs = 0.375, சூத்திரம் தரும் எண் 0.784. அந்த மாணவியின் பதிவேட்டில் இருந்ததும் இதுவே.

வடிகட்டியும் இதே அளவு குறைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை காண இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, வடிகட்டியைக் கழற்றிவிட்டு டி.ஏ.சி.யின் வெளியீட்டை நேராக அலைநோக்கியின் எஃப்.எஃப்.டி.யில் பாருங்கள். 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு கோடும், அதன் பிம்பமாக 5 கிலோஹெர்ட்ஸில் மற்றொரு கோடும் நிற்கும். சூத்திரத்தின்படி இரண்டாவது 0.47 வோல்ட். இரண்டுக்கும் உள்ள விகிதம் சரியாக 5க்கு 3. வடிகட்டியே இல்லாத இடத்தில் கெப்பாசிட்டரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, வடிகட்டியைத் தொடாமல் மாதிரி வேகத்தை மட்டும் 16000 ஆக்கி, அதே 3 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்புங்கள். வீச்சு 0.94 வோல்ட்டுக்கு ஏறும். குறை வடிகட்டியில் இருந்திருந்தால், மாதிரி வேகம் மாறியதும் அது எப்படிச் சரியாகியிருக்கும்?

அடுத்து, தேர்வு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் மதிப்பெண் பெறும் ஒரு வாக்கியம்: “ஜீரோ ஆர்டர் ஹோல்டு தோராயமான மீட்டெடுப்பு, அதில் தகவல் இழப்பு உண்டு.” இதன் பின்பாதி தவறு. மேற்கண்ட சிங்க், மாதிரி வேகத்தின் முழு மடங்குகளில்தான் பூச்சியமாகிறது. நைக்விஸ்ட் எல்லைக்குள் எங்கும் ஆவதில்லை. பூச்சியத்தால் பெருக்கப்படாத எதையும் வகுத்து மீட்கலாம். படிக்கட்டுக்குப் பின்னால் வரும் வடிகட்டி, எல்லைக்குள் சிங்கின் தலைகீழாகவும் எல்லைக்கு வெளியே பூச்சியமாகவும் இருந்தால், கிடைப்பது அரை மாதிரி நேரத் தாமதத்தைத் தவிர இலட்சிய இடைக்கணிப்பேதான். ஓப்பன்ஹைமும் வில்ஸ்கியும் எழுதிய பாடநூலிலேயே இந்தத் தலைகீழ் வடிகட்டி இருக்கிறது. நம் வினாத்தாள் அந்தப் பக்கத்தைக் கேட்பதில்லை.

நடைமுறையில் அந்த வடிகட்டியையும் தோராயமாகத்தான் கட்ட முடியும். ஆயினும் தொடக்கத்துக்கு மூன்று எண்கள் போதும். டி.ஏ.சி.க்கு அனுப்பும் முன் மாதிரிகளை -1/16, 9/8, -1/16 என்ற கெழுக்களால் வடிகட்டுங்கள். 3 கிலோஹெர்ட்ஸில் இது 1.21 மடங்கு உயர்த்துகிறது, 0.78 ஆக இருந்த வீச்சு 0.95 ஆகிறது. இது இலவசமன்று. நைக்விஸ்ட் எல்லையில் உயர்வு 1.25 மடங்கு. எனவே எண்கள் முழு அளவில் இருந்தால் டி.ஏ.சி.யின் எல்லையை மீறி முகடுகள் வெட்டுப்படும். முன்கூட்டியே எல்லாவற்றையும் 1.25ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்று இப்படிக் கணக்கிடுவதே பொறியியல்.

“இன்றைய டி.ஏ.சி.க்கள் பன்மடங்கு வேகத்தில் இயங்குகின்றன. சரிவைப் பற்றி யாருக்குக் கவலை?” என்பது மூத்தோர் சிலரின் மறுப்பு. அந்த வேகம் ஏன் வந்தது என்பதையே அவர்கள் மறந்துவிடுகிறார்கள். குறுந்தகட்டின் மாதிரி வேகம் 44.1 கிலோஹெர்ட்ஸ். அதே வேகத்தில் பிடித்து வைத்தால், 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 3.17 டெசிபல். 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் தன் முதல் இயக்கிகளில் மாதிரி வேகத்தை நான்கு மடங்காக, 176.4 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தியது. பிடிப்பினால் வரும் இழப்பு 0.18 டெசிபலாகச் சுருங்கியது. இடையில் சேர்த்த மாதிரிகளைக் கணக்கிட்டது ஓர் இலக்க வடிகட்டி. அதாவது, முடிவின்றி நீளாமல் வெட்டப்பட்ட இடைக்கணிப்பு. இலட்சியமும் படிக்கட்டும் எதிரிகளாக நிற்கவில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. சரிவை அறியாதவருக்கு இந்த வடிவமைப்பின் காரணம் ஒருபோதும் விளங்காது.

நான் கேட்பது புதிய பாடத்திட்டமன்று. அந்தச் சோதனையின் “எதிர்பார்க்கும் மதிப்பு” என்ற கட்டத்தில் 1 வோல்ட்டை அடித்துவிட்டு 0.78 என்று எழுதுங்கள். மாதிரி வேகத்தை இரட்டிப்பாக்கி மறுபடி அளக்கும் ஒரு வரியைச் சேருங்கள். அந்த மாணவிக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். கண் முன்னே தெரிந்த எண்ணை அவர் நம்பினார். அதற்காகவா அவரைத் தண்டிப்பது?