சரிவு கடைசியில் வரட்டும்

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியே கும்பக்கரைக்கு இறங்கும் மலைப்பாதையில் ஓடிப் பழகும் இளைஞர் ஒருவர், கீழ்க்கால் எலும்பின் உட்புறத்தில் நுண்விரிசலுடன் எம்மிடம் வந்தார். ஆறு வாரம் ஓய்ந்தார், வலி நீங்கிற்று. உடனே அதே பாதையில் ஓடி இறங்கினார். அதே இடத்தில் வலி திரும்பிற்று.

வலி நீங்குவது வேறு, எலும்பு வலுப்பெறுவது வேறு. இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் எலும்பை மிகுதியாகத் தாக்கும். ஓய்வில் மெலிந்த தசை அதனைத் தாங்காது. ஆகவே வாரக்கணக்கை மட்டும் நம்பலாகாது என்பது எம் கருத்து.

விரலால் அழுத்தினாலும், அரைமணி விரைந்து நடந்தாலும், ஒற்றைக்காலில் பத்து முறை குதித்தாலும் வலி இல்லையெனில், சமதரையில் தொடங்கலாம். ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என இருபது நிமிடம், மறுநாள் ஓய்வு. மறுநாள் காலையும் வலி இல்லையெனில் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டலாம். வேகம் அதற்குப் பின்னர், சரிவு கடைசியில். பழைய இடத்தில் வலி தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண்க.

விரிசல் கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பிலோ பாதத்தின் மேல்வளைவிலோ இருப்பின், இச்சோதனைகளைத் தாமே செய்தல் கூடாது. அவ்விடங்கள் எளிதில் கூடுவதில்லை. ஸ்கேன் பார்த்த பின்னரே ஓட்டம்.