விலை வீழ்ச்சியும் கடன் பளுவும்

விலைவாசி இறங்கினால் ஜனங்களுக்குச் சுபிட்சம் என்பது படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி எல்லோரும் கொண்டிருக்கும் அபிப்பிராயம். பையிலுள்ள பணத்தையும் கடையிலுள்ள சரக்கையும் பார்த்துவிட்டு, பெட்டியிலுள்ள கடன் பத்திரத்தைப் பார்க்க மறந்தவர்களின் அபிப்பிராயம் அது என்பேன்.

சரக்கின் விலை சந்தைக்குச் சந்தை மாறும். பத்திரத்தில் எழுதிய தொகையோ மாறாது. 1929-இல் அமெரிக்காவின் கான்ஸாஸில், நிலத்தை ஈடு வைத்து 6 சதவீத வட்டிக்கு 5,000 டாலர் வாங்கிய குடியானவன் ஒருவனை வைத்துக்கொள்வோம். கோதுமை புஷல் சுமார் ஒரு டாலருக்கு விற்ற அந்த நாளில், 300 புஷலை விற்றால் வருஷ வட்டியான 300 டாலர் தீர்ந்துவிடும். 1932-இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே போயிற்று; 40 சென்ட் என்றே வைத்துக்கொண்டாலும் அதே வட்டிக்கு 750 புஷல் வேண்டும். அவன் புதிதாக ஒரு காசும் கடன் வாங்கவில்லை. ஆயினும் விளைச்சலைக் கொண்டு அளந்தால் கடன் இரண்டரை மடங்காகிவிட்டது.

அவன் என்ன செய்வான்? கோதுமையை அவசரமாக விற்பான். போதாவிட்டால் மாட்டையும் நிலத்தையும் விற்பான். ஒருவன் செய்தால் விவேகமான அக்காரியத்தை லட்சக்கணக்கானோர் ஏககாலத்தில் செய்யும்போது, விலை மேலும் சரிகிறது. பாங்கிக் கடன் அடைபட அடைபட, அக்கடனால் பிறந்த டிபாசிட்டுகளும் மறைந்து, புழங்கும் பணமே குறுகிப்போகிறது. யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர், 1929-இன் பங்குச் சந்தைச் சரிவில் சொந்த ஆஸ்தியையே இழந்தவராதலால் ஏட்டறிவோடு நில்லாமல், 1933-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: மூன்றரை வருஷத்தில் அமெரிக்கர் தம் கடன் தொகையைச் சுமார் 20 சதவீதம் குறைத்திருந்தும், டாலரின் வாங்கும் சக்தி 75 சதவீதம் ஏறியதால், மெய்யான கடன் 40 சதவீதம் கூடியிருந்தது.

கடனாளியின் நஷ்டம் கடன் கொடுத்தவனுக்கு லாபந்தானே, தேசத்துக்கு என்ன குறை என்று சிலர் வாதிக்கிறார்கள். வசூலானால்தானே லாபம்! ஈட்டு நிலம் ஏலத்துக்கு வந்து, கடனில் பாதிக்கும் போகாதபோது, நஷ்டம் பாங்கியின் தலையில் விடிகிறது. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பாங்கிகள் கதவடைத்து, அவற்றை நம்பியிருந்தவர்களின் சேமிப்பையும் முடக்கின. உற்பத்தி முறை சீர்பட்டு, வருமானம் குறையாமலே சரக்கு மலிவதில் இந்த அபாயம் இல்லை என்பது வாஸ்தவம்; கடன் மலிந்த தேசத்தில் வருமானமும் சேர்ந்து விழும்போது வரும் மலிவையே நான் கண்டிக்கிறேன்.

அந்த நாளின் உலகப் பொருளாதார மந்தத்தில் சென்னை ராஜதானியிலும் நெல் விலை விழுந்தது; பழைய கடன் குறையவில்லை. விலை வீழ்ச்சி வரப்பிரசாதமாயிருந்திருந்தால், 1938-இல் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகளின் வட்டிப் பாக்கிகளைத் தள்ளவும் கடன்களைக் குறைக்கவும் ஒரு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்திராது.