டிஸ்க் போட இடம் இருக்கா? பிரான்ஸ்ல இருந்து வர்ற கேம் கன்சோல் பத்தி ஒரு த்ரெட்

1/ ஜூலை, ஆகஸ்ட் வந்தா பாண்டிச்சேரிக்கு பாரிஸ் சொந்தங்கள் வர ஆரம்பிச்சிடுவாங்க. முன்னாடி பிள்ளைகள் சாக்லேட் கேட்டாங்க, இப்ப பிளேஸ்டேஷன் கேக்குறாங்க. "எதை வாங்கிட்டு வரச் சொல்றது டாக்டர்?"னு ஆஸ்பத்திரியில என்கிட்டயே நிறைய பேர் கேட்டுட்டாங்க. நான் கேம் விளையாடுற ஆள்னு எல்லாருக்கும் தெரியும். அதனால மொத்தமா இங்க எழுதிடறேன்.

2/ கிராஃபிக்ஸ், வேகம், டெராஃப்ளாப் கணக்கெல்லாம் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. என் கருத்து வேற. நம்ம ஊர் நடுத்தரக் குடும்பம் முதல்ல கேக்க வேண்டியது "இதுல டிஸ்க் போட முடியுமா?" அடுத்தது "அக்கவுண்ட் எந்த நாட்டுல இருக்கும்?" இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு மத்ததைப் பேசலாம்.

3/ எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தரோட மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவனோட சித்தப்பா பாரிஸ்ல இருக்கார். "டிஜிட்டல் பிஎஸ்5 வாங்கி, இங்கேயே என் கார்டுல அக்கவுண்ட் ஓபன் பண்ணி, ரெண்டு கேம் ஏத்திக் கொண்டு வர்றேன்"னு சொல்லியிருக்கார். மனசு நிறைஞ்ச அன்பு. ஆனா அந்த ஒரே வாக்கியத்துல ரெண்டு சிக்கல் இருக்கு.

4/ முதல் சிக்கல், நாடு. பழைய நிண்டெண்டோ 3டிஎஸ் மாதிரி கன்சோல்கள்ல வேற நாட்டு கேம் ஓடவே ஓடாது. பிஎஸ்5ல அந்தப் பூட்டு கிடையாது. பிரான்ஸ் மிஷின்ல இந்திய டிஸ்க் ஓடும், இந்திய மிஷின்ல பிரான்ஸ் டிஸ்க் ஓடும். அதனால "ரீஜன் லாக் இல்ல, கவலைப்படாதீங்க"ன்னு கடைக்காரர் சொல்றது பாதி உண்மை. பூட்டு மிஷின்ல இருந்து அக்கவுண்டுக்கு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

5/ பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் திறக்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதை அப்புறம் மாத்தவே முடியாது. பிரான்ஸ்னு போட்டா கடைசி வரைக்கும் பிரான்ஸ்தான். அந்தக் கடையில இந்திய கார்டு எடுபடாது. இங்க வாங்குற கிஃப்ட் கார்டும் அதுல ஏறாது. ஒவ்வொரு கேமுக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப் பண்ணணும். முதல் தடவை அன்பா வாங்கித் தருவார். அஞ்சாவது தடவை?

6/ விலையும் வேற. ஸ்பைடர்மேன் 2 கேம் 2023ல வந்தப்போ இந்தியாவுல 4,999 ரூபாய், பிரான்ஸ்ல 79.99 யூரோ. ரூபாயா மாத்தினா ஏழாயிரத்தைத் தாண்டிடும். அதே கேம், அதே ஃபைல். அக்கவுண்டோட நாடு வேறங்கிறதுக்காக ரெண்டாயிரத்துக்கு மேல கூடுதல்.

7/ தீர்வு சுலபம். பையனுக்கு இங்கேயே, பெற்றோர் பொறுப்புல, இந்திய அக்கவுண்ட் திறங்க. சித்தப்பா தன் அக்கவுண்டுல ரெண்டு கேம் வாங்கித் தந்தா அதுவும் வீணாகாது. அவர் அக்கவுண்டும் அதே மிஷின்ல இருக்கட்டும், செட்டிங்ஸ்ல Console Sharing and Offline Play ஆன்ல இருக்கட்டும். அந்த ரெண்டு கேமையும் பையன் தன் அக்கவுண்டுல இருந்தே விளையாடலாம். சித்தப்பா அந்த வசதியைத் தன் வீட்டு மிஷினுக்கு மாத்திடக் கூடாது, அது ஒண்ணுதான் நிபந்தனை.

8/ டிஸ்க் வாங்கி வரச் சொன்னாலும் ஒண்ணு கவனிக்கணும். டிஸ்க் எங்கேயும் ஓடும். ஆனா அதுக்கு மேல காசு கொடுத்து வாங்குற கூடுதல் பகுதிகள், அதாவது டிஎல்சி, டிஸ்க்கும் அக்கவுண்டும் ஒரே பகுதியைச் சேர்ந்ததா இருந்தாத்தான் ஒட்டும். சோனி கணக்குல இந்தியக் கடை ஐரோப்பா பக்கம் வருது. அதனால பிரான்ஸ் டிஸ்க் பெரும்பாலும் ஒத்துப்போகும். அமெரிக்கா டிஸ்க்தான் தகராறு.

9/ எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெட்டி முன்பக்கம் வயது முத்திரை பாருங்க. 12, 16, 18னு எண் போட்டிருந்தா ஐரோப்பா. T, M மாதிரி எழுத்து இருந்தா அமெரிக்கா. அப்படியே பின்பக்கம் திருப்பி ஆங்கிலம் இருக்கான்னும் பார்த்துடுங்க. தாத்தா பாட்டிக்கு பிரெஞ்சு தெரியும், பேரனுக்குத் தெரியணுமே.

10/ கரண்ட் பிரச்சினை இல்ல. 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், இங்க கிடைக்கிற சாதாரண ரெண்டு பின் வயரே போதும். வாரண்டி மட்டும் வாங்கின நாட்டோட நின்னுடும். இங்க ரிப்பேர்னா கைக்காசுதான்.

11/ இப்ப ரெண்டாவது, பெரிய சிக்கல். டிஜிட்டல் மிஷின். 2024 ஏப்ரல்ல பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் உள்ளது 54,990, டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் மிச்சம்னுதான் யாருக்கும் தோணும். அந்தப் பத்தாயிரம் எங்க போகுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம்.

12/ புது கேம் ஒண்ணு டிஸ்க்கா 5,000க்கு வாங்குறீங்க. முடிச்சிட்டு 3,000க்கு விக்கிறீங்கன்னு வச்சுக்குங்க. செலவு 2,000. டிஜிட்டல்ல அதே 5,000 கொடுத்தா திரும்ப ஒரு ரூபா வராது, அதை விக்கவே முடியாது. வித்தியாசம் 3,000. நாலாவது கேம்லயே பத்தாயிரம் காலி.

13/ "நான் ஆஃபர்ல பாதி விலைக்கு வாங்கிப்பேன் டாக்டர்"னு சொல்வீங்க. சரி, 2,500. அந்த நேரத்துல பழைய டிஸ்க்கும் இறங்கியிருக்கும். 2,000க்கு வாங்கி 1,300க்கு வித்தா செலவு 700. வித்தியாசம் 1,800. ஆறாவது கேம்ல சமன். இது உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையை விசாரிச்சு நீங்களே போட்டுப் பாருங்க, பாதை இதுதான்.

14/ இன்னொண்ணு. டிஸ்க் உள்ள பிஎஸ்5ல பிஎஸ்4 டிஸ்க்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் சென்னை பர்மா பஜார், ரிச்சி தெரு பக்கம் மலிவாக் கிடைக்கும். டிஜிட்டல் மிஷின் வச்சிருக்கிறவருக்கு அந்தச் சந்தையே கிடையாது. அவருக்கு ஒரே கடை, அந்தக் கடை சொல்ற விலை.

15/ காசைவிட எனக்குப் பெருசாப் படுறது வேற. டிஸ்க்னா தெருவுல நாலு பசங்க ஆளுக்கு ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி விளையாடுவாங்க. ஒரு வீட்டுல வாங்கினது நாலு வீட்டுக்குப் போகும். டிஜிட்டல்ல ஒவ்வொரு பையனும் தனித்தனியா அம்மாவைக் கேக்கணும். சம்பளம் குறைவான வீட்டுப் பையன்தான் முதல்ல விளையாட்டுல இருந்து கழண்டுக்குவான்.

16/ சிஸ்டர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா டிஸ்க் மாடலுக்கு ஒத்துக்கிட்டார், மேல ஆகுற வித்தியாசத்தை இவங்க கொடுக்கிறாங்க. "ரெண்டு கேமும் டிஸ்க்காவே வரட்டும், முடிச்சா எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுக்கலாம்"னு மகனே சொல்லிட்டானாம்.

17/ டிஜிட்டல் யாருக்கு சரி? ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமும், வருஷத்துக்கு ஒரு ஃபுட்பால் கேமும் மட்டும் விளையாடுறவங்களுக்கு. அவங்களுக்கு விக்க எதுவும் இல்ல. பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டல்ல டிஸ்க் டிரைவ் பின்னால தனியா வாங்கி மாட்டலாம், முதல் தடவை இணைக்க இன்டர்நெட் வேணும். 2020ல வந்த பழைய டிஜிட்டல் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ரெண்டுலயும் அந்த வழியே இல்ல.

18/ "அப்போ எக்ஸ்க்ளூசிவ்?" ஒரு கன்சோல்ல மட்டும் வர்ற கேம்களைத்தான் கேக்குறீங்க. பத்து வருஷம் முன்னாடி அது பெரிய விஷயம். இன்னிக்கு எக்ஸ்பாக்ஸ் கேம்கள் பிசியில கிடைக்குது. சீ ஆஃப் தீவ்ஸ் 2024லயும், ஃபோர்ஸா ஹொரைசன் 5 2025லயும் பிஎஸ்5க்கே வந்தாச்சு. சோனியோட காட் ஆஃப் வார், கோஸ்ட் ஆஃப் சூஷிமா எல்லாம் சில வருஷம் கழிச்சு பிசிக்கு வந்தது. வீட்டுல நல்ல கேமிங் பிசி இருந்தா எக்ஸ்பாக்ஸ் வாங்க காரணமே குறைவு.

19/ உண்மையான எக்ஸ்க்ளூசிவ் இப்ப நிண்டெண்டோதான். மரியோ, செல்டா புதுசு வேற எதுலயும் வராது. ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்ல நாட்டுப் பூட்டு இல்ல, மறு விற்பனை விலையும் லேசுல இறங்காது. ஆனா முதல் ஸ்விட்ச் இந்தியாவுல அதிகாரபூர்வமா விற்பனைக்கு வரவே இல்ல, வெளிநாட்டுச் சரக்குதான். நிண்டெண்டோவுக்குத்தான் பாரிஸ் சொந்தம் நிஜமாவே கை கொடுக்கும்.

20/ ஸ்விட்ச் 2 வாங்கும்போது ரெண்டு எச்சரிக்கை. ஜப்பான்ல மட்டும் விக்கிற மலிவு மாடல் இருக்கு. அதுல ஜப்பான் மொழி மட்டும்தான், ஜப்பான் அக்கவுண்ட் மட்டும்தான் சேரும். விலை குறைவா இருக்கேன்னு விழுந்துடாதீங்க. அடுத்தது, சில பெட்டிகள்ல Game-Key Cardனு போட்டிருக்கும். அந்தக் கார்டுல கேம் இருக்காது, திறக்கிற சாவி மட்டும்தான். கேமை டவுன்லோட் பண்ணணும். கார்டை வித்தா சாவியும் போகும், அதனால மறு விற்பனை நடக்கும். பெட்டிக்குள்ள வெறும் கோடு அச்சடிச்ச சீட்டு இருந்தா அது முழு டிஜிட்டல், விக்க முடியாது.

21/ பழைய கன்சோல் வாங்குறீங்களா? கையில ஒரு டிஸ்க்கோட போங்க. போட்டு இருபது நிமிஷம் விளையாடுங்க. டிஸ்க்கை சட்டுனு படிக்குதா, ஃபேன் அலறுதா, கையை எடுத்த பிறகும் ஸ்க்ரீன்ல ஆள் தானா நகருதான்னு பாருங்க. நகர்ந்தா கண்ட்ரோலர் ஸ்டிக் போச்சு. அங்கேயே உங்க அக்கவுண்டுல லாகின் பண்ணுங்க. சோனி தடை பண்ணின மிஷின்னா ஆன்லைன் போகாது. பெட்டியிலயும் மிஷின்லயும் சீரியல் நம்பர் ஒண்ணா இருக்கணும். கடற்கரை பக்கத்து வீட்டு மிஷின்னா பின்பக்க போர்ட்டுகள்ல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

22/ டிஸ்க் இருந்தா எல்லாம் நிரந்தரம்னு நான் சொல்லல. யுபிசாஃப்டோட தி க்ரூ கேமுக்கு 2024 மார்ச் 31ல சர்வரை நிறுத்தினாங்க. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கும் அது ஓடாமப் போச்சு. ஆன்லைன்லயே வாழுற கேமுக்கு டிஸ்க் வெறும் டிக்கெட்தான். தனியா விளையாடுற கதை கேம்களுக்குத்தான் என் வாதம் முழுசாப் பொருந்தும்.

23/ சுருக்கமா: டிஸ்க் உள்ள மாடல். இந்திய அக்கவுண்ட். அமெரிக்க டிஸ்க் வேண்டாம். நிண்டெண்டோன்னா ஜப்பான் மாடல் வேண்டாம். மிச்சம் ஆகுற காசுல இன்னொரு கண்ட்ரோலர் வாங்குங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உக்காரட்டும்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. ட்யூட்டி முடிஞ்சு ராத்திரி பதில் போடறேன்.