கோபம் மட்டும் போதாது

வங்கிகளுக்கு நம்மவர் எழுதும் முறைப்பாடுகள் பலவற்றில் கோபம் இருக்கிறது, விபரம் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பரொருவர் தமது வங்கிக்கு எழுதினார்: "என் கணக்கில் சில மாதங்களாக வீணாகப் பணம் கழிக்கப்படுகிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும்." கட்டணங்கள் யாவும் விதிகளுக்கமையவே அறவிடப்பட்டன என்று பதில் வந்தது. எந்தக் கழிவு என்று கடிதம் சொல்லாததால், எதையும் ஆராயவேண்டிய கட்டாயம் வங்கிக்கு இருக்கவில்லை.

கணக்குக்கூற்றை எடுத்துப் பார்த்தோம். மூன்று கழிவுகள் இருந்தன. குறுஞ்செய்திக் கட்டணமும் குறைந்தபட்ச மீதி பேணாமைக்கான கட்டணமும் சரியானவையே. தவறானது, மார்ச் 14 இல் வங்கி அட்டைக்கென அறவிடப்பட்ட 1,000 ரூபா. அந்த அட்டையை அவர் ஜனவரியிலேயே ஒப்படைத்திருந்தார். இரண்டாவது கடிதம் அந்த ஒரு பதிவை மட்டும் சுட்டியது. அட்டையை ஒப்படைத்த பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்தது. தொகையை மீள வரவு வைக்குமாறும், மறுப்பின் அதற்கான விதியை எழுத்தில் தருமாறும் கேட்டது. இதற்குப் பொதுப்படையாகப் பதிலெழுத முடியாது.

கூற்று கையில் இல்லையெனில் தொகையை ஊகித்து எழுதலாகாது. அப்படியொரு பதிவே இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். 'ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில்' என எல்லை வகுத்து, அக்காலக் கூற்றைக் கேட்பதே முதற்கடிதத்தின் வேண்டுகோளாக இருக்கட்டும்.

வங்கி செவிசாய்க்காவிடில் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. ஆனால், அங்கும் முதலில் கேட்கப்படுவது, வங்கிக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதே.