மாற்றுக்கூலியைச் சொல்லிவிட்டு எடுங்கள்

கோவையிலோ திருநெல்வேலியிலோ வீட்டில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர் ஒருவருக்கு, வேலை எடுத்த தளம் எத்தனை சதவீதம் கமிஷன் பிடிக்கிறது என்பது நன்றாகத் தெரியும். சம்பாதித்த டாலர் ரூபாயாக மாறும்போது எவ்வளவு போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அது அவருடைய அலட்சியம் அல்ல. அந்தத் தொகை எந்த ரசீதிலும் கட்டணமாக அச்சாவதில்லை. மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பணம் வர இரண்டு வழிகள் உண்டு. தளமே ரூபாயாக மாற்றி உள்ளூர் வங்கிக் கணக்கில் போடுவது ஒன்று. இதற்கு அப்வொர்க் வாங்கும் கட்டணம் ஒரு டாலருக்கும் குறைவு. ஆனால் சந்தை விகிதத்தைவிடக் குறைத்துத்தான் மாற்றித் தருவார்கள். டாலராகவே வயர் வழியில் அனுப்பச் சொல்லி, நம் வங்கி மாற்றுவது இன்னொன்று. இதில் அனுப்பும் கட்டணம் அதிகம். நடுவில் இருக்கும் வெளிநாட்டு வங்கியும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பேபால் வழியாக வாங்குபவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. இந்தியக் கணக்கில் டாலரை வைத்திருக்க அது விடுவதில்லை. தானாகவே ரூபாயாக்கி வங்கிக்கு அனுப்பிவிடும்.

எது லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தளம் 2 சதவீதம் குறைத்து 88.20 தருகிறது. வங்கி 1 சதவீதம் குறைத்து 89.10 தருகிறது. வயர் வழியில் அனுப்பும் கட்டணமும் நடு வங்கியின் பிடித்தமும் சேர்ந்து 65 டாலர். 1,000 டாலர் வந்தால் யோசிக்கவே வேண்டாம். தளத்தின் வழியில் ஏறக்குறைய 5,000 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும். 5,000 டாலரில்தான் விஷயம் இருக்கிறது. தளம் தருவது சுமார் 4,40,900 ரூபாய். வங்கி வழியில், மாற்றத்தின் மீதான ஜிஎஸ்டியும் வங்கியின் சேவைக் கட்டணமும் போக, சுமார் 4,39,000. இன்னும் தளமே முந்துகிறது. அதே வங்கியிடம் பேசி 1 சதவீதத்தை 0.3 ஆக இறக்கினால் தொகை 4,42,100 ஆகிவிடும். இப்போது வங்கி முந்துகிறது. முடிவைப் புரட்டிப்போட்டது அந்த ஒரு பேச்சு.

அந்தப் பேச்சுக்குத்தான் இடமில்லை. டாலர் வந்ததும் வங்கி அன்று காலை போட்ட 'கார்டு ரேட்'டில் மாற்றி வரவு வைத்துவிடுகிறது. வாடிக்கையாளருக்கு வரும் குறுஞ்செய்தியில் ரூபாய்த் தொகை மட்டும் இருக்கும். பெரிய ஏற்றுமதியாளருக்குப் போன் போட்டு "என்ன ரேட் வேணும் சார்?" என்று கேட்கும் அதே கிளை, இவரிடம் கேட்பதில்லை. ரிசர்வ் வங்கியின் முயற்சியால் 2019-இல் 'எஃப்எக்ஸ்-ரீடெய்ல்' என்ற இணையத் தளம் வந்தது. சிறு வாடிக்கையாளரும் சந்தை விகிதத்தில் டாலரை விற்று, முன்பே பேசிக்கொண்ட கட்டணத்தை மட்டும் வங்கிக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். எத்தனை கிளைகளில் அதன் பெயரைச் சொன்னால் புரிகிறது என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

தளங்களும் யோக்கியமில்லை. 'கட்டணம் ஒரு டாலருக்கும் கீழே' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, மேலே சொன்ன கணக்கில் 5,000 டாலருக்கு 9,000 ரூபாயை விகிதத்துக்குள் எடுத்துக்கொள்வதை எப்படி அழைப்பது? பிடிப்பதில் தவறில்லை, சேவைக்குக் கூலி உண்டு. சொல்லாமல் பிடிப்பதுதான் தவறு.

எனவே நம் கோரிக்கை இதுதான். பணத்தை மாற்றும் எவரும், தளமோ வங்கியோ, மூன்று எண்களைக் காட்டியாக வேண்டும்: அன்றைய எஃப்பிஐஎல் குறிப்பு விகிதம், தாங்கள் கொடுத்த விகிதம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரூபாயில். எஃப்பிஐஎல் விகிதம் வேலைநாள்தோறும் வெளியாகிறது. அதை ரசீதில் சேர்க்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. டாலராக வரும் பணத்தை வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் வங்கி மாற்றக் கூடாது. இந்த இரண்டையும் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை ஃப்ரீலான்சர்கள் ஒன்று செய்யலாம். கணக்கில் ஏறிய ரூபாயை, தளத்தில் கழிந்த மொத்த டாலரால் வகுங்கள். வருவதுதான் உங்களுக்குக் கிடைத்த உண்மையான விகிதம். அன்றைய எஃப்பிஐஎல் விகிதத்துக்குப் பக்கத்தில் அதை எழுதி, அடுத்த பணம் வருவதற்குள் கிளை மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.